ஊருக்குப் போனபோது பழைய வெள்ளி அடைப்புகளைக் காட்டினேன்: நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது

ஸ்டுட்கார்ட்டில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகியும், பல் வைத்தியத்தை மட்டும் மதுரைக்குப் போகும் விடுமுறையில் பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். 2025 ஆகஸ்டில் போனபோது எனக்கு ஒரு தனிக் கவலையும் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், மருத்துவக் காரணத்தால் தவிர்க்க முடியாது என்று பல் மருத்துவர் கருதினாலொழிய, பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பை யாருக்கும் வைக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது. தடை செய்யும் அளவுக்குக் கெடுதலான ஒன்று என் வாயில் நான்கு இடங்களில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறதே என்ற எண்ணம், அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

அந்த நான்கும் நான் கல்லூரியில் படித்தபோது மதுரையில் வைத்தவை. அன்று மருத்துவர் சிறிய கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளி நிறப் பொடியையும் ஒரு துளி பாதரசத்தையும் இட்டு அரைத்து, அந்தக் கலவையைத் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தபோது, மிகுதிப் பாதரசம் மணிமணியாகத் துணியின் வெளியே துளிர்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்படிப் பிழிந்த பிறகும் அடைப்பின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசமே. மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஆனால் இறுகிய அடைப்பில் அந்தப் பாதரசம் திரவமாக இருப்பதில்லை. மற்ற உலோகங்களோடு சேர்ந்து திடமான சேர்மமாக மாறிவிடுகிறது. மெல்லும்போதும் பல்லைக் கடிக்கும்போதும் அதன் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய அளவு ஆவி வெளியேறுகிறது என்பதும் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை.

முதலில் நான் போன மருத்துவமனையில் பத்து நிமிடங்களுக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். நான்கையும் எடுத்துவிட்டுப் பல் நிற அடைப்பு வைக்க 28,000 ரூபாய் என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. அதற்குப் பதில் கைக்கணினியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் பிடுங்கிய பல்லொன்றின் அடைப்பைத் தேய்க்கிறார்கள். ஒளிரும் திரைக்கு முன்னால் அதிலிருந்து புகை சுருள்சுருளாக எழுகிறது. அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

தங்கையின் வற்புறுத்தலால் மறுநாள் இன்னொருவரிடம் போனேன். பல் மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மையார் அவர். காணொளியைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் அவர் தந்த விளக்கத்தை அப்படியே எழுதுவது பயனுள்ளது. பாதரச ஆவி ஒருவகைப் புற ஊதா ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். அதனால் அந்த ஒளி படும் திரையின் முன்னால் மிக நுண்ணிய அளவு ஆவிகூடக் கறுப்பு நிழலாகத் தெரியும். "நிழல் தெரிந்தால் பாதரசம் வருகிறது என்று பொருள். எவ்வளவு வருகிறது என்பது நிழலில் தெரியாதும்மா," என்றார்.

எவ்வளவு என்பதே இங்கே கேள்வி. ஏழு முதல் பத்து அடைப்புகள் உள்ளவர் உடலில் அவற்றால் ஒரு நாளில் சேர்வது சுமார் 1 முதல் 5 மைக்ரோகிராம் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டிருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த வகைப் பாதரசம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அளந்து பார்க்க விரும்பினால் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே ஏற்றது என்றார் அம்மையார். இரத்தத்தில் தெரியும் பாதரசத்தில் பெரும்பகுதி நாம் தின்னும் கடல் மீனிலிருந்து வருவது. வாரம் மூன்று நாள் வஞ்சிரம் தின்றுவிட்டு இரத்தத்தைச் சோதித்துப் பல்லைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னார். உலோகத்தை உடலிலிருந்து இழுக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு சிறுநீரை எடுக்கும் சோதனையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம் என்றும் எச்சரித்தார். அந்த மாத்திரையைத் தின்றால் யாருடைய எண்ணும் கூடத்தான் செய்யும். கூடிய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க உரிய அளவுகோலும் இல்லை.

இந்தச் சிறிய அளவு கெடுதல் செய்கிறதா என்பதை நேரடியாகச் சோதித்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. ஒன்று லிஸ்பனில் 507 குழந்தைகளிடமும், மற்றொன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 குழந்தைகளிடமும் நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு வெள்ளி அடைப்பும் மறு பாதிக்குப் பல் நிற அடைப்பும் வைத்து ஆண்டுக் கணக்கில் கவனித்தார்கள். வெள்ளி அடைப்பு வைத்த குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் நினைவாற்றல், கவனம், அறிவுத்திறன் ஆகியவற்றில் இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோயற்ற குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கோ நரம்பு நோய் உள்ளவர்களுக்கோ இவை உறுதி தந்துவிடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான FDA 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரை இந்த இடைவெளியைக் கருதியே எழுதப்பட்டது. கர்ப்பிணிகள், கருத்தரிக்க இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், நரம்பு நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள், பாதரசம் ஒவ்வாதவர்கள் ஆகியோருக்குப் புதிதாக வெள்ளி அடைப்பு வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது அது. அதே அறிவுரை, நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. ஐரோப்பியத் தடையும் புதிதாக வைப்பதைப் பற்றியதுதான். கழிவுநீரிலும் தகன மேடைப் புகையிலும் பாதரசம் கலப்பதைக் குறைப்பது அதன் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. இருப்பதைப் பெயர்த்தெடுக்கச் சொல்லும் வரி அந்தச் சட்டத்தில் இல்லை என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

நல்ல அடைப்பை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன முதல் காரணம் எனக்கு வியப்பாக இருந்தது. டிரில்லின் சூட்டில் அடைப்பு அறுபடும்போது வரும் ஆவியும் தூளும், அது சும்மா இருக்கும்போது வருவதைவிட மிக அதிகம். அதனால் எடுத்த சில நாட்களுக்கு இரத்தத்தில் பாதரசம் ஏறி, பிறகுதான் வாரக்கணக்கில் இறங்குகிறது. இரண்டாவது காரணம் பல் சார்ந்தது. ஒவ்வொரு முறை அடைப்பை எடுக்கும்போதும் சுற்றியுள்ள நல்ல பல்லும் சிறிது போகும், குழி பெரிதாகும், நரம்புக்கு நெருக்கமாகும். கடைவாய்ப் பற்களில் பல் நிற அடைப்பு, வெள்ளி அடைப்பைவிடச் சீக்கிரம் பழுதாவதும் அதன் ஓரத்தில் மறுபடி சொத்தை வருவதும் அதிகம் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தேவையில்லாமல் தொடங்கிய மாற்றம் ரூட் கெனாலிலும் கேப்பிலும் போய் முடிவது இப்படித்தான்.

ஆகவே பல் பல்லாகப் பார்த்தார். ஒவ்வோர் அடைப்பையும் காற்றால் உலர்த்தி, ஓரம் முழுவதும் மெல்லிய கொக்கியால் தடவினார். இரு பக்கமும் மேல் கீழ்ப் பற்கள் சேர்ந்து தெரியும்படி கடித்து எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தார். ஒவ்வொரு முனையாகக் குச்சியைக் கடிக்கச் சொல்லி, விடும்போது சுருக்கென்று வலிக்கிறதா என்று கேட்டார். அது விரிசலின் அடையாளமாம். அடைப்பைத் தொட்டிருக்கும் கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளை வலைபோன்ற கோடுகள் உள்ளனவா என்றும் பார்த்தார். அப்படி இருந்து, ஒவ்வாமைதான் என்று உறுதியானால், அடைப்பு நன்றாக இருந்தாலும் எடுப்பதே முறை. எனக்கு அது இல்லை.

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடைப்பைத்தான் நான் மிக மோசமாக எண்ணியிருந்தேன். கறுத்துப்போய், ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்குச் சிறு பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் கொக்கி அடித்தளத்தில் கெட்டியாகத் தட்டியது. எக்ஸ்ரேயில் அடைப்பின் கீழே நிழல் இல்லை. கறுப்பு என்பது உலோகம் மங்கியது, பள்ளம் என்பது தேய்மானம், இரண்டும் சொத்தை ஆகாது என்று சொல்லி மெருகேற்றி விட்டுவிட்டார். மாறாக, நான் எந்தக் குறையும் கவனிக்காத இடது மேல் சிறு கடைவாய்ப் பல்லில் கொக்கி மெத்தென்று இறங்கியது. எக்ஸ்ரேயில் பக்கத்துப் பல்லை ஒட்டிய ஓரத்தில், அடைப்பின் அடியில் கறுப்பு நிழல் தெரிந்தது. அந்த இடத்தில் பல் இடுக்கில் விடும் நூல் அடிக்கடி நார்நாராகப் பிரிந்து வந்ததை அப்போதுதான் நினைவுகூர்ந்தேன். அதுவே பழுதின் முதல் அறிகுறி என்றார்.

அந்த ஒன்றை எடுத்த முறை அக்கறையானது. மரத்துப்போக ஊசி போட்டு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் விரிப்பை மாட்டினார். உதவியாளர் அகலமான உறிஞ்சுகுழாயைப் பல்லருகே பிடித்திருக்க, தண்ணீரைத் தொடர்ந்து பீய்ச்சியபடி புதிய டிரில் முனையால் அடைப்பின் நடுவே இரண்டு கோடுகள் மட்டும் அறுத்தார். முழுவதையும் அரைத்துத் தூளாக்காமல், துண்டுகளாக நெம்பி எடுத்தார். மூன்று துண்டுகளும் மூடியுள்ள குப்பிக்குள் போயின. அடியில் பழுப்பாக மிருதுவான சொத்தை இருந்தது. அதைச் சுரண்டி, பல் நிறப் பசையை இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக வைத்தார். பத்து நாட்கள் குளிர்ந்த தண்ணீர் கூசியது, பிறகு சரியாகிவிட்டது.

தங்கை மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் இரண்டு வெள்ளி அடைப்புகள் உண்டு. எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது அம்மையார் பதறியே விட்டார். "நன்றாக இருப்பதை இப்போது கிளறினால்தான் குழந்தைக்குப் போவது கூடும். தொடாதே கண்ணு. புதிதாகச் சொத்தை வந்தால் மட்டும் வேறு பொருளில் அடைத்துக்கொள்," என்றார்.

என் பற்களின் மேற்பரப்பு தேய்ந்திருப்பதைக் கண்டு, தூக்கத்தில் பல்லை நெறிப்பீர்களா என்று கடைசியில் கேட்டார். நெறிப்பேன். அடைப்பிலிருந்து வரும் ஆவியைக் கூட்டும் பழக்கம் அது, பல்லில் விரிசல் விழவும் அதுவே காரணம் என்பதால், மூன்று அடைப்புகளைப் பெயர்ப்பதைவிட இரவில் மாட்டும் உறை ஒன்று எனக்கு அதிகம் உதவும் என்று அச்செடுத்துக் கொடுத்தார். எக்ஸ்ரே படங்களோடும் பல் எண் வாரியான குறிப்போடும் ஸ்டுட்கார்ட் திரும்பினேன். இங்குள்ள பல் மருத்துவரும் அவற்றைப் பார்த்துவிட்டு, மீதி மூன்றையும் இப்படியே விட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.