ஹ்னெஃபாடாஃப்ல்: மன்னர் பக்கமா, முற்றுகைப் பக்கமா?

வைக்கிங் காலத்துப் பலகை ஆட்டம் இது. இன்றைய கோபன்ஹேகன் விதிப்படி 11×11 கட்டங்களில் மன்னர் ஒரு மூலையை அடைந்தால் வெற்றி.

படை: மன்னருக்குக் காவலர் 12, முற்றுகையாளர் 24, முதல் நகர்வும் அவர்களுக்கே.

வேலை: காவலர்கள் இருபுறமும் வரிசைகட்டி, நடுவே மன்னருக்குப் பாதை காக்கிறார்கள். மூலைகளை அடைக்க, முற்றுகையாளர் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே மூன்று காய்களைச் சாய்வாக நிறுத்தினால் போதும். அவற்றை வெட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் நெருக்க வேண்டும்; ஒரு பக்கம் அரணுக்குள் இருப்பதால் அது நடக்காது.

தவறு: மூன்றில் நடுக்காய் மட்டும் இல்லையென்றால், மன்னர் அந்த இடைவெளியில் இறங்கி மூலையை ஒட்டி நின்றுவிடுவார். பிறகு அவரைத் தடுக்கவே முடியாது. காவலர் ஒருவரை இழப்பதோ பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது.

புதியவருக்கு மன்னர் பக்கம் எளிது. நான்கு மூலைகளையும் ஓயாமல் கவனிப்பவருக்கு முற்றுகையே பொருந்தும்.