எட்டுக்குப் பதில் ஏழு: ஸ்ட்ராசன் பெருக்கலோடு ஆறு வருடம்

என் வேலையில் பெரும்பகுதி பெரிய அணிகளைப் பெருக்குவது. ஆறு வருடமாக ஸ்ட்ராசன் முறையை நானே எழுதிய நிரலில் ஓட்டி வருகிறேன். ஓரிடத்தில் அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டேன். வேறு சில இடங்களில், மெனக்கெட்டு எழுதிய பிறகு எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் முறை. ஓர் அணியை நெடுக்கிலும் குறுக்கிலும் பாதியாக வெட்டினால் நான்கு துண்டு. அப்படி வெட்டிய இரண்டு அணிகளை வழக்கமான வழியில் பெருக்கினால், துண்டோடு துண்டு பெருக்குவது எட்டு முறை. 1969-இல் ஃபோல்கர் ஸ்ட்ராசன் ஏழு போதும் என்று காட்டினார். கீழே A, B பெருக்க வேண்டிய அணிகள், C விடை. A12 என்றால் A-இன் மேல் வரி, வலப்பக்கத் துண்டு.

```
M1 = (A11 + A22)(B11 + B22)
M2 = (A21 + A22) B11
M3 = A11 (B12 - B22)
M4 = A22 (B21 - B11)
M5 = (A11 + A12) B22
M6 = (A21 - A11)(B11 + B12)
M7 = (A12 - A22)(B21 + B22)

C11 = M1 + M4 - M5 + M7
C12 = M3 + M5
C21 = M2 + M4
C22 = M1 - M2 + M3 + M6
```

முதல் பார்வைக்கு இது மாயம் மாதிரி இருக்கும். C12-ஐ மட்டும் பிரித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும். நமக்கு வேண்டியது A11·B12 + A12·B22. M3-ஐ விரித்தால் A11·B12 வருகிறது, கூடவே வேண்டாத A11·B22 கழித்தல் குறியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. M5-ஐ விரித்தால் அதே வேண்டாதது கூட்டல் குறியோடு வருகிறது. இரண்டையும் சேர்த்ததும் அது அடிபட்டுப் போகிறது. இதில் மிச்சம் எங்கே என்றால், M3 அத்தோடு நிற்காமல் C22-க்கும் போகிறது, M5 C11-க்கும் போகிறது. ஏழில் ஐந்து பெருக்கல்கள் இப்படி இரண்டு இடத்தில் உழைப்பதால்தான் எட்டு ஏழாகிறது. அதற்கு விலை, துண்டுகளைக் கூட்டிக் கழிக்கும் வேலை 4-லிருந்து 18 ஆவது. இதே முறையின் வினோகிராட் வடிவத்தில் அது 15. நான் இப்போது வைத்திருப்பது அதைத்தான்.

எழுதும்போது நான் மாட்டிய இடம் ஒன்று. M3-இல் கைதவறி (B12 - B22)-ஐ இடப்பக்கம் போட்டுவிட்டேன். 1, 2, 3, 4 என்ற அணியை 5, 6, 7, 8 என்ற அணியால் பெருக்கிச் சோதித்தேன். ஏழு பெருக்கலும் 65, 35, -2, 8, 24, 22, -30 என்று வந்தன. விடையும் 19, 22, 43, 50 என்று சரியாக வந்தது. அப்புறம் பெரிய அணியில் எல்லாம் தப்பு. துண்டு வெறும் எண்ணாக இருக்கும்போது எதை முன்னால் போட்டாலும் ஒன்றுதான். துண்டே ஓர் அணியானால் வரிசை மாறக் கூடாது, A எப்போதும் இடப்பக்கம், B வலப்பக்கம். அதனால் குறைந்தது 4×4 அணியில் சோதிக்காமல் நம்பாதீர்கள். இப்போது பெரிய அணிகளுக்கு நான் செய்வது இது: ஏதோ ஒரு தற்செயல் திசையன் x எடுத்து, C·x-ஐயும் A·(B·x)-ஐயும் ஒப்பிடுவேன். பெருக்கலோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு நேரமே ஆகாது.

சரி, வேகம். 4096×4096 டபுள் அணிகள், ஒரே ஒரு மட்டம் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பெருக்கலுக்குச் சுமார் 137 பில்லியன் கணக்குகள், ஏழுக்கு 120 பில்லியன். கூடுதல் கூட்டல்கள் வெறும் 7.5 கோடி. காகிதத்தில் பார்த்தால் கூட்டலுக்குக் கணக்கே இல்லை. ஆனால் கூட்டலில் நேரத்தைத் தின்பது கணக்கு இல்லை, மெமரி. ஒவ்வொரு துண்டும் 32 எம்பி. ஒரு கூட்டலுக்கு இரண்டைப் படித்து ஒன்றை எழுத வேண்டும், ஆக 96 எம்பி. 18 கூட்டலுக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி போய் வருகிறது. மெமரி நொடிக்கு 20 ஜிபி தரும் என்றால் அதற்கே 0.09 நொடி.

ஒரே கோரில் நொடிக்கு 40 பில்லியன் கணக்கு ஓடினால், ஒரு துண்டுப் பெருக்கலைத் தவிர்ப்பதில் 0.43 நொடி மிச்சம். 0.09 கொடுத்து 0.43 வாங்குவது நல்ல வியாபாரம். எல்லாக் கோரையும் சேர்த்து 300 பில்லியன் ஓட்டினால் அதே மிச்சம் 0.057 நொடியாகச் சுருங்குகிறது. மெமரி மட்டும் அதே 20 ஜிபிதான். இப்போது நஷ்டம். என் பழைய இயந்திரத்தில் நன்றாக ஓடியது, கோர் அதிகமுள்ள புதியதில் மெதுவானதன் காரணம் இதுதான். இது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வேகமான இயந்திரத்தில் ஸ்ட்ராசன் இன்னும் வேகமாகும் என்று நினைத்திருந்தேன். பெருக்கல் மலிவாக ஆக, அதில் ஒன்றை மிச்சம் பிடிப்பதன் மதிப்பும் குறைகிறது.

துண்டுகளை மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டே போகலாம். இரண்டு மட்டம் போனால் 64-க்குப் பதில் 49. முடிவுவரை போனால் n-இன் அடுக்கு 3-லிருந்து சுமார் 2.81-க்கு இறங்கும். நான் இரண்டு மட்டத்தோடு நிறுத்தி, அதற்குக் கீழே சாதாரணப் பெருக்கலிடம் விட்டுவிடுகிறேன். சின்னத் துண்டில் கூட்டல்தான் ஜெயிக்கும். அளவு ஒற்றைப்படையாக இருந்தால் அடுத்த 2-இன் அடுக்குவரை சுழியம் போட்டு நிரப்பாதீர்கள். 2049-ஐ 4096 ஆக்கினால் வேலை கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இரண்டு மட்டத்துக்கு 4-ஆல் வகுபட்டால் போதும், 2052 வரை நிரப்பினால் முடிந்தது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது துல்லியம். A அலகு அணி. B-இல் மேல் வரி 1, 1e-9. கீழ் வரி 1e-9, 1e-18. விடை B-யேதான், வழக்கமான பெருக்கல் அதை அப்படியே தரும். ஸ்ட்ராசனில் C22-ஐப் பாருங்கள். M1-இல் 1 + 1e-18 என்பது டபுளில் 1 ஆகிவிடுகிறது, எனவே M1 = 2. M2 = 1. கழித்தால் 1. அதோடு M3 சேர்ந்து 1.000000001 என்றாகி, M6 அதே அளவைக் கழிக்க, விடை 0. 1e-18 இருந்த சுவடே இல்லை. அணியின் மிகப்பெரிய உறுப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பிழை. எல்லா உறுப்பும் ஒரே அளவில் இருக்கும் அணிகளுக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரு வரி மீட்டரிலும் அடுத்த வரி மைக்ரோமீட்டரிலும் இருக்கிற மாதிரியான தரவுக்கு இந்த முறையைத் தொடாதீர்கள். என் ஒரு திட்டத்தில் தரவு அப்படித்தான் இருந்தது, அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொரு இடத்திலும் எடுத்தேன். குறுகிய பாதை கண்டுபிடிக்க, கூட்டலுக்குப் பதில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் அணிப்பெருக்கல் ஒன்று உண்டு. அங்கே ஸ்ட்ராசன் ஓடவே ஓடாது. இரண்டில் சிறியதை எடுத்த பிறகு அதை எப்படிக் கழித்துத் திரும்ப எடுப்பது? வேண்டாததை அடித்துத் தள்ளக் கழித்தல் இருந்தே ஆக வேண்டும்.

நிரந்தரமாகத் தங்கிய இடம், ஒரு பகா எண்ணால் வகுத்த மீதிகளை வைத்து நடக்கும் முழு எண் கணக்கு. அங்கே முழுமையாக்கல் பிழை என்ற பேச்சே இல்லை, ஏழு பெருக்கலில் வரும் விடையும் எட்டில் வரும் விடையும் கடைசி இலக்கம்வரை ஒன்றுதான். பெருக்கலும் மீதி காண்பதும் அங்கே செலவு பிடித்தவை, அதனால் ஒன்றைத் தவிர்ப்பது உண்மையான லாபம். எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான FLINT நிரல் நூலகமும் இந்த வகை அணிகள் பெரிதாகும்போது ஸ்ட்ராசனுக்கு மாறிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறியில்லா முழு எண்ணில் B12 - B22 சுழியத்துக்குக் கீழே போனால் ராட்சத எண்ணாகச் சுற்றி வந்துவிடும். கழிக்கும் முன்பே பகா எண்ணைக் கூட்டிவிட வேண்டும். இந்தப் பகுதியை நான் இரண்டு மட்டம், 15 கூட்டல், ஒவ்வொரு விடைக்கும் மூன்று தற்செயல் திசையன் சோதனை என்ற அமைப்பில் விட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அதில் கை வைக்கவில்லை.