பஞ்சாபியைச் சாறியாக்க: சொல்லித் திருத்துவதா, மாஸ்க் போடுவதா?

கிண்ணியாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "உடுப்பு மாத்திறதுக்கு இப்ப எழுதிச் சொன்னாலே செய்யுதே, பிறகேன் இருந்து மாஸ்க் கீறிக்கொண்டிருக்கிறியள்?" புடவைக் கடைகளுக்குப் பட்டியல் படம் செய்து கொடுக்கிறவர். இரண்டு வழியும் தெரிந்தவர் என்பதால் அடிப்படை விளக்கம் தேவையில்லை. இரண்டுமே படம் கீறும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள். ஒன்று `FLUX.1 Kontext`, `Qwen-Image-Edit` போல, என்ன மாற வேண்டும் என்று எழுதினால் முழுப் படத்தையும் புதிதாகத் தருவது. மற்றது `FLUX.1 Fill` போல, நாம் மாஸ்க்காக வெள்ளை அடித்துக் காட்டிய இடத்தை மட்டும் நிரப்புவது.

நேரடிப் பதில்: உடுப்பின் வெளிக்கோடு மாறுகிறதா, இல்லையா என்று பாருங்கள். நிறம், துணி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். சேர்ட்டுக்குச் சேர்ட், வெறும் அபாயாவுக்கு வேலைப்பாடு வைத்த அபாயா, வேட்டிக்கரையை மாற்றுவது, இவற்றுக்கு மாஸ்க்தான். பஞ்சாபியைச் சாறியாக்க, காற்சட்டையை வேட்டியாக்க, சொல்லித் திருத்துவதுதான். இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவது வகையில்தான் எரிச்சலூட்டும் ஒரு விசயம் இருக்கிறது.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். உப்புவெளிக் கடற்கரை, காலை வெயில். முழு உயரப் படம், 4000×6000 பிக்சல். முழுக்கை வைத்த நீலப் பஞ்சாபி, கால்கள் சற்று விலகி நிற்கின்றன, நிழல் பக்கவாட்டில் மணலில் விழுகிறது. கடைக்காரருக்கு வேண்டியது அரக்கு நிறப் பட்டுச் சாறி, மூன்று அங்குலத் தங்கக் கரை, அரைக்கைச் சட்டை. மொடலும் சம்மதித்திருக்கிறார். (இந்தச் சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணின் படத்தில் கை வைக்கவே கூடாது. கடைக்காரர் "பரவாயில்ல, எங்கட பிள்ளைதான்" என்றாலும்.)

முதலில் மாஸ்க். `Segment Anything` வைத்து உடுப்பைச் சொடுக்கினால் பஞ்சாபியும் காற்சட்டையும் சுத்தமாகத் தெரிவாகும். பிழை தொடங்குவதும் அங்கேதான். அந்த மாஸ்க்கின் வடிவம் பஞ்சாபியின் வடிவம். இரண்டு காலுக்கும் இடையில் தெரிகிற மணல் மாஸ்க்குக்கு வெளியே இருக்கிறது, அதை மாற்ற மாதிரிக்கு அனுமதி இல்லை. ஆகவே சாறி என்று எவ்வளவு எழுதினாலும் முழங்காலுக்குக் கீழே துணி இரண்டாகப் பிரியும். கொசுவம் வரும், ஆனால் இரண்டு கால் வைத்த கொசுவம். முழுக்கையும் அப்படியே. பழைய சட்டைக்கையின் வடிவிலேயே மணிக்கட்டு வரை மாஸ்க் இருந்தால் மணிக்கட்டு வரை துணிதான் வரும், அரைக்கை வராது.

இதைச் சரிசெய்ய மாஸ்க்கைப் பழைய உடுப்பின்படி இல்லாமல், வரப்போகும் உடுப்பின்படி கீற வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே கூம்பாக, கால் இடைவெளியையும் சேர்த்து. இடது தோளில் முந்தானைக்கு இடம் விட்டு, பின்னால் தொங்குகிற பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக. விளிம்பை 1024 பிக்சல் அளவில் 12 முதல் 20 பிக்சல் வரை வெளியே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீலம் ஒரு நூல் அளவுக்கு ஓரமாக எட்டிப் பார்க்கும். பழையதை எவ்வளவு அழித்துப் புதிதாக எழுதுவது என்பதைச் சொல்லும் `denoise` அளவை 1.0 வைக்க வேண்டும். 0.7க்கு இறக்கினால் அரக்குக்குள் பழைய நீலம் கலங்கி நிற்கும்.

இவ்வளவும் செய்தால் சாறி வரும். ஆனால் அரைக்கைக்காகக் கையையும் மாஸ்க்குக்குள் போட்டிருக்கிறோம், அந்தக் கை இனி மாதிரி கற்பனை செய்த கை. வளையல் போய்விடும், முழங்கை மடியும் இடம் கோணலாகும். இதெல்லாவற்றையும் விட மோசமானது நிழல். மேலே வடிவான சாறி, கீழே மணலில் விழுந்த நிழலுக்கு இரண்டு கால். பார்க்கிறவர்களுக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று உடனே பிடிபடும். நிழலுக்கும் தனியாக மாஸ்க் போட வேண்டும்.

இனி அதே படம், சொல்லித் திருத்தும் வழி. படத்தை 832×1248க்குச் சுருக்குகிறோம், ஏனென்றால் இந்த மாதிரிகள் ஏறக்குறைய ஒரு மெகாபிக்சலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். எழுதுவது இவ்வளவுதான்:

```
Replace her outfit with a maroon silk saree with a wide
gold border, pallu over her left shoulder (right side of
the picture), short-sleeved maroon blouse. Keep her face,
hair, hands, bangles, pose and the beach unchanged.
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்களை விட்டுவிடாதீர்கள். இடது தோள் என்று மட்டும் எழுதினால் படத்தின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு முந்தானையைப் பல தடவை வலது தோளில் போட்டுவிடும். நம் ஊர்க் கண்ணுக்கு அது முதலாவதாகத் தெரியும்.

வருகிற படம் உண்மையிலேயே அழகு. கால் இடைவெளி மறைந்து கொசுவம் ஒன்றாக விழும். அரைக்கைக்குக் கீழே கை சரியான நிறத்தில் வரும். நிழல்கூடத் தானாக ஒரே பாவாடை நிழலாக மாறும். மாஸ்க்கில் மணிக்கணக்காகப் போராடும் இடமெல்லாம் இங்கே சும்மா கிடைக்கிறது. மாதிரி முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டே கீறுவதால் வரும் லாபம் இது.

பிறகு முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் இல்லை. அவருடைய தங்கச்சி மாதிரி ஒருத்தர்.

இதுதான் நான் சொன்ன எரிச்சல். "முகத்தை மாற்றாதே" என்று எத்தனை விதமாக எழுதினாலும் முழுதாகத் தீராது, ஏனென்றால் பிரச்சினை சொல்லில் இல்லை, கணக்கில் இருக்கிறது. முழு உயரப் படத்தில் 1248 பிக்சலில் ஆள் ஏறக்குறைய 1060 பிக்சல் உயரம், முகம் அதில் 100 பிக்சல் அளவு. `FLUX` வகை மாதிரி படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. அதாவது அந்த முகம் மேலிருந்து கீழே ஆறு கட்டம். ஆறு கட்டத்தில் ஒரு மனிதரின் அடையாளம் தங்காது. வெளியே வருகிற படத்தில் எல்லாக் கட்டமும் புதிதாக எழுதப்பட்டது, மாற்றவே சொல்லாத கடலும் சேர்த்து. கூடவே இடுப்பு கொஞ்சம் ஒடுங்கும், நிறம் ஒரு படி வெளுக்கும். யார் கேட்டது?

ஆகவே அந்தப் படத்தைக் கடைசிப் படமாக எடுக்காமல், துணி வெட்டியெடுக்கும் இடமாக மட்டும் பாவிக்க வேண்டும். மூலப் படமும் 2:3, திருத்திய படமும் 2:3 என்பதால் பெரிதாக்கினால் ஒன்றுக்கு மேல் ஒன்று பொருந்தும். `GIMP`இலோ `Photoshop`இலோ மூலத்துக்கு மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை `Difference` ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்க வேண்டும். கடல்கோட்டில் இரட்டைக் கோடு மினுங்கினால் படம் சில பிக்சல் நகர்ந்திருக்கிறது, இழுத்துப் பொருத்துங்கள். நகர்வு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் படம் சற்றுப் பெருத்தும் இருக்கிறது, அதற்கு வேறு `seed`, அதாவது வேறு தொடக்க எண், போட்டு இன்னொரு படம் எடுப்பதே சுகம். பொருந்திய பிறகு லேயர் மாஸ்க் போட்டுச் சாறி, மணிக்கட்டு வரையிலான கை, நிழல் மூன்றையும் மட்டும் மேலே விடுங்கள். முகம், முடி, விரல், வளையல், கடல் எல்லாம் மூலத்திலிருந்தே வரட்டும். கழுத்தும் மூலத்திலிருந்து வருவது நல்லது, தோல் நிறம் மாறும் கோட்டைச் சட்டையின் கழுத்து விளிம்பில் ஒளித்துவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் மறுபடியும் மாஸ்க் வழி, அதாவது இன்பெயின்ட். பெரிதாக்கிய துணி கலங்கலாக இருக்கும். தோள், இடுப்பு, கொசுவம் என்று ஏறக்குறைய ஆயிரம் பிக்சல் சதுரங்களாக வெட்டி, 0.35 `denoise` வைத்து ஒவ்வொன்றாக ஓட்டி மூல இடத்தில் ஒட்டுங்கள். `ComfyUI`இல் `Inpaint Crop and Stitch` கணுக்கள் இந்த வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யும். 0.5க்கு மேலே போனால் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் கரை வெவ்வேறாகிவிடும். வாட்ஸ்அப்புக்கு மட்டும் போகிற படம் என்றால் இந்தக் கட்டமே தேவையில்லை.

குழுப் படம் வந்தால் சொல்லித் திருத்துவதை மறந்துவிடுங்கள். இடமிருந்து மூன்றாவது ஆளின் சேர்ட்டை மாற்று என்றால் நாலாவது ஆளின் கொலரும் சேர்ந்து மாறும். முகங்களோ இன்னும் சின்னவை, ஒவ்வொன்றும் மூன்று நாலு கட்டம். ஆளுக்கொரு மாஸ்க், ஒவ்வொருவராக. வேறு வழி இல்லை.

கடைக்காரர்கள் கேட்கிற இன்னொன்று, "எங்கட சாறியையே அப்படியே போடேலுமா?" `Qwen-Image-Edit-2509` இரண்டாவது படமாகச் சாறியின் போட்டோவை ஏற்றுக்கொள்ளும். மாஸ்க் வழியிலும் சாறிப் படத்தைப் பக்கத்தில் ஒட்டி ஆளின் பக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போடலாம். நிறமும் கரையின் அகலமும் இரண்டிலும் பெரும்பாலும் வரும். பூவேலைப்பாடு வராது. ஐந்தடி மூன்றங்குல ஆள் 1060 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 17 பிக்சல்தான், அதாவது கரையில் ஓர் அங்குல மாங்காய் ஒன்று ஏறத்தாழ ஒரே கட்டம். அதற்குள் மாங்காயும் இல்லை, அன்னமும் இல்லை, தங்கப் பொட்டுத்தான். பட்டியலில் கரையின் உண்மையான கிட்டப் படத்தை ஒரு மூலையில் வையுங்கள், இல்லாவிட்டால் சாறி வாங்கினவர் படத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துக் கேட்பார்.

சாறியை அழகாகக் கட்டிவிடுவது எது என்றால் சந்தேகமே இல்லை, சொல்லித் திருத்துவதுதான். ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றால் நான் மாஸ்க்கைத்தான் வைத்திருப்பேன். வடிவம் பிசகினால் திரும்பக் கீறலாம். முகம் மாறிய படம் கடைக்காரர் கையால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?