ரேஸர் வேண்டாம் என்று ரூ.3,200 கட்டினேன், ரேஸராலேயே மழித்தார்கள்: பெண்கள் கவனத்துக்கு

பெரம்பூர்ப் பக்கம் உள்ள ஒரு பெண்கள் அழகு நிலையத்தில் எனக்கு நேர்ந்ததை, எரிச்சலும் கோபமும் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்ட இடத்தைப் பற்றிய புகாரை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவர்கள் துணிந்து ஏமாற்றுகிறார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. கண்ணாடிக் கதவும், ஏ.சி.யும், உள்ளே திரை போட்ட தனி அறைகளும் கொண்ட, வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத கடை அது.

அலுவலகத் தோழிகளுடன் அந்தமான் போக டிக்கெட் போட்டிருந்தோம். நீச்சல் உடையின் ஓரத்தில், தொடை இடுக்கில் தெரியும் முடியை மட்டும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதுதான் என் தேவை. அந்த இடத்து முடி தடித்துச் சுருண்டு வளரும். ரேஸர் அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே சாய்வாக, கூர்முனையாக வெட்டிவிடுவதால், மறுபடி வளரும்போது முடி வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. அங்கே வியர்வையும் உள்ளாடை எலாஸ்டிக்கின் உராய்வும் சேர்ந்துகொண்டால் சிவந்த கொப்புளங்கள் வந்துவிடும். எனக்கு இது முன்பே வந்திருக்கிறது. ஆகவே ரேஸர் கூடாது, வாக்ஸ்தான் வேண்டும் என்பதைத்தான் அந்தக் கடையில் முதல் பேச்சாகவே சொன்னேன்.

உரிமையாளர் அம்மா மிகவும் பரிவாகப் பேசினார். மேசை இழுப்பறையைத் திறந்து, வாக்ஸ் தடவும் மரக்குச்சிகள் உள்ள பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டி, "ஒவ்வொருத்தருக்கும் புதுசுதாம்மா, உங்க கண்ணு முன்னாடியே பிரிப்போம். ரேஸர்ங்கிறது நம்ம கடைக்குள்ளேயே வராது. என் பொண்ணுக்கே இங்கதான் பண்றேன்" என்றார். அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சென்சிடிவ் தோலுக்கான வாக்ஸ், பிறகு குளிர்ச்சி ஜெல், இரண்டு வாரம் கழித்து ஒரு இலவசச் சரிபார்ப்பு, எல்லாம் சேர்த்து ரூ.3,200 என்றார். முழுப் பணத்தையும் முன்னதாகவே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். முந்தைய நாள் தொலைபேசியில் அங்கிருந்து பேசிய பெண், "வீட்டிலேயே நல்லா ஒட்ட வெட்டிட்டு வாங்கக்கா, அப்பதான் வலிக்காது" என்று சொல்லியிருந்ததால், நானும் அவ்வாறே வெட்டிக்கொண்டு போயிருந்தேன்.

தொல்லை தொடங்கியது அந்த யோசனையால்தான். வாக்ஸ் முடியைப் பற்றி இழுக்க வேண்டுமானால் முடி ஏறத்தாழ ஒரு அரிசி நீளம், அதாவது ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் வாக்ஸ் முடியை விட்டுவிட்டுத் தோலை மட்டும் பிடித்து இழுக்கும். அதிகமாக வெட்டிவரச் சொன்னவர்களுக்கு இது தெரியாதா, அல்லது சீக்கிரம் ஆளை அனுப்பினால் போதும் என்று சொன்னார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

வலது பக்கத்தில் பணிப்பெண் முதலில் இழுத்தபோது பாதி முடிகூட வரவில்லை. அதே இடத்தில் உடனே மீண்டும் வாக்ஸ் தடவி இழுத்தார். ஒரு முறை வாக்ஸ் பட்ட இடத்தில் மேல்தோலின் ஓர் அடுக்கு ஏற்கெனவே உரிந்திருக்கும் என்பதால், அங்கே மறுபடி வாக்ஸ் போடக் கூடாது, மிஞ்சிய முடிகளை ட்வீசரால்தான் பிடுங்க வேண்டும். தோலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும் என்பதையும் அவர் செய்யவில்லை. பாக்கெட்டைப் பிரித்து எடுத்தது ஒரே ஒரு குச்சி. என் உடலில் பட்ட அந்தக் குச்சியையே திரும்பத் திரும்ப வாக்ஸ் சட்டியில் முக்கி எடுத்தார். அதே சட்டியில் எனக்கு முன்னால் வந்தவருக்கும் அப்படித்தானே முக்கியிருப்பார்கள்? வாக்ஸின் சூடு கிருமியைக் கொல்லும் அளவுக்கு இருந்தால் நம் தோலும் வெந்துபோகும்.

"முடி சின்னதா இருக்குக்கா, பிடிக்கல" என்றார். வெளியே அடுத்தவர் காத்திருப்பதாக யாரோ குரல் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து எழுவதற்குள், சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் தோலில், முடி வளரும் திசைக்கு எதிராகக் கீழிருந்து மேலாக ரேஸரை இழுத்து முடித்துவிட்டார். நான் கையைத் தட்டிவிட்டதால் இடது பக்கம் தப்பியது.

இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடே போதிய சாட்சி. ஒரு முறை மட்டும் வாக்ஸ் பட்ட இடது பக்கத்தில் சிவப்பு மறுநாளே தணிந்துவிட்டது. வலது பக்கத்தில் முடிக்கால்களைச் சுற்றிச் சிவந்த புள்ளிகள் எழும்பி, பிறகு அவற்றின் நுனியில் வெண்மையாகச் சீழ் கட்டியது. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, உரிந்த தோலில் கிருமி புகுந்து முடிக்கால்கள் வீங்கியிருக்கின்றன, கிள்ளவோ உள்ளே மடங்கிய முடியைத் தோண்டவோ கூடாது, வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்துத் தளர்வான பருத்தி உடை அணிய வேண்டும் என்று சொல்லிப் பூசு மருந்து எழுதிக் கொடுத்தார். தோல் முழுமையாக மூடும் வரை கடல்நீரில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கடலில் குளிப்பதற்காகவே போகும் பயணம் அது.

ரூ.3,200ஐத் திருப்பிக் கேட்கப் போனேன். அதே அம்மா இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க ஸ்கின் அப்படிம்மா" என்றார். "ரேஸர் போட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க, அந்தப் பொண்ணு இன்னிக்கு லீவு" என்றார். பேக்கேஜ் பணம் திரும்ப வராது, வேண்டுமானால் ஒரு ஃபேஷியல் செய்துவிடுகிறேன் என்று தாராளமாகப் பேசினார். ரசீதைப் பார்த்தால் "பாடி பேக்கேஜ் 3,200" என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாக்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு என் அழைப்பை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

போகிற பெண்கள் இவற்றையாவது பாருங்கள். ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். ஒரே குச்சி சட்டிக்குள் இரண்டாவது முறை இறங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும், நிறுத்திச் சில மாதங்களே ஆனவர்களும் வாக்ஸ் பக்கமே போக வேண்டாம், தோலோடு உரிந்து வரும். வாக்ஸ் செய்தால் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்யுங்கள், குறைந்தது ஒரு நாளாவது கடல், நீச்சல் குளம், வெந்நீர்க் குளியல் எதுவும் வேண்டாம். என்னைப் போலக் கொப்புளம் வரும் தோல் என்றால், சீப்பு பொருத்திய டிரிம்மரால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்வதே பாதுகாப்பு. பிளேடு தோலில் படாததால் முடி உள்ளே மடங்காது, கிளம்பும் முந்தைய நாள்கூடச் செய்யலாம். ஓரத்தில் சிறிது தெரிந்தால், தொடை வரை வரும் நீச்சல் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே பதிவு, ரசீது, மருத்துவர் சீட்டு மூன்றும் கையில் உள்ளன. அந்த ரூ.3,200 வரும் வரை விடப்போவதில்லை.