மிச்சச் சோறு எங்கே போக வேண்டும்? கொழும்புப் பாடசாலை ஒன்றுக்கான ஒப்பீடு

கழிவுப் படிநிலையின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குறைத்தல், மறுபயன்பாடு, மீள்சுழற்சி, எரித்துச் சக்தி எடுத்தல், கடைசியில் புதைத்தல். கொப்பி, போத்தல், யோகட் கோப்பையில் இந்த வரிசை பெரிதாகச் சிக்கல் தராது. சிக்கல் சாப்பாட்டில்தான். பாரமும் நாற்றமும் அதில்தான் அதிகம், வெள்ளிக்கிழமை மிஞ்சியது திங்கள்வரை காத்திருக்கவும் மாட்டாது.

600 பிள்ளைகள், ஒரு சிற்றுண்டிச்சாலை, நாளுக்கு 30 கிலோ சாப்பாட்டுக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை மூன்று வாளிகளும் ஒரு தராசும். சமையலில் கழித்த தோல், தும்பு ஒரு வாளியில். விற்காமல் மிஞ்சியது இன்னொன்றில். பிள்ளைகள் மிச்சம் வைத்தது மூன்றாவதில். ஒரு கிழமை தனித்தனியே நிறுக்க வேண்டும். 6, 10, 14 கிலோ என்று வந்தால், 24 கிலோ சமைத்து முடித்த உணவு என்று அர்த்தம். ஒரே வாளியில் போட்டு நிறுத்தால் இது தெரியவராது.

விற்காத 10 கிலோவுக்கு மருந்து முன்கூட்டியே எண்ணிக்கை எடுப்பது. காலை முதல் பாடவேளையில் வகுப்புத் தலைவர் ரொட்டி எத்தனை, சோறு எத்தனை என்று எழுதிக் கொடுத்தால் போதும். பிள்ளைகள் வைக்கும் மிச்சத்துக்கு வேறு மருந்து: சோற்றை அரைப் பங்காகவும் விற்பது, இடைவேளையில் பாதி வரிசையிலேயே போய்விடாதபடி இன்னொரு சாளரம் திறப்பது. இப்படிச் செய்து 30 கிலோ 15 ஆனால், அடுத்த படியின் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது விலங்குத் தீவனம். உணவுக் கழிவுக்கான படிநிலையில் கம்போஸ்டுக்கு மேலே நிற்பது, பன்றிப் பண்ணைக்காரர் வாளியோடு வந்து எடுத்துக்கொள்வார் என்பதால் பாடசாலைக்கும் வசதி. ஆனால் 2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையிலும் வந்துவிட்டது. இறைச்சி கலந்த மிச்சத்தை வேகவைக்காமல் கொடுத்தால் நோய் பண்ணைக்குப் போகும். குறைந்தது அரை மணித்தியாலம் கொதிக்கவைப்பதைப் பண்ணைக்காரர் உறுதிப்படுத்தாவிட்டால், இந்தப் படியைத் தாண்டிக் கம்போஸ்டுக்கு இறங்குவதே சரி.

கம்போஸ்டில் பாடசாலைகள் தோற்பது பெரும்பாலும் இடத்தாலும் காய்ந்த இலையாலும். ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, அளவில் இரண்டு பங்கு சருகு வேண்டும். 30 கிலோ என்பது ஏறக்குறைய 60 லீட்டர். சருகு 120 லீட்டர். ஐந்து நாளில் 900 லீட்டர், அதாவது ஒரு கன மீற்றர் தொட்டி ஒன்று கிழமைக்கு ஒருதரம் நிரம்பும். அது முதிரப் பத்துக் கிழமை எடுத்தால் பத்துத் தொட்டி. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தப் பாடசாலையில் அவ்வளவு வளவு இருக்கிறது? 15 கிலோவுக்கு ஐந்து தொட்டி போதும்; குவியல் படிந்து தாழ்வதால் நாலோடும் சமாளிக்கலாம்.

குவியல் கெட்டுவிட்டதா என்று மூக்கே சொல்லும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றுப் போகவில்லை: சருகு சேர்த்துக் கிளற வேண்டும். மூக்கை அரிக்கும் அமோனியா நெடி என்றால் சாப்பாடு கூடிவிட்டது, அதற்கும் சருகுதான். சூடேயில்லாமல் கிடந்தால் ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்கலாம். கறி, மீன் முள்ளை நடுவில் புதைக்காவிட்டால் எலி வரும்.

கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் காகிதத்தில் கம்போஸ்டைவிட மேல், ஏனென்றால் அடுப்புக்கு வாயுவும் கிடைக்கும். ஆனால் அதற்கு நாள்தோறும் தீனி வேண்டும். தவணை விடுமுறையில் பட்டினி கிடந்த கலனில், பாடசாலை திறந்த நாளில் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்து வாயு நின்றுவிடும். விடுதியுள்ள பாடசாலைக்கு மட்டும் இது பொருந்தும்.

எஞ்சியது மாநகரசபை வண்டிக்கு. 2021இல் இயங்கத் தொடங்கிய கெரவலப்பிட்டி மின்னிலையத்தில் எரிக்க ஈரச் சோறு நல்ல எரிபொருளல்ல. வெப்பத்தின் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீதேன் வரும். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்ட பிறகு, கடைசிப் படியின் விலை கொழும்புக்குத் தெரியாததல்ல.

வளவு மூலையில் கொளுத்துவது எந்தப் படியிலும் இல்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017இலிருந்து தடை. அப்படிக் கொளுத்தும் சருகுதான் கம்போஸ்டுக்குக் கிடைக்காமல் போவது. 15 கிலோ கணக்கில் கிழமைக்கு 300 லீட்டர் சருகு வேண்டும். மே, ஒக்டோபர் மழைக்கு முன்னரே சாக்குகளில் கட்டி, கூரை உள்ள இடத்தில் ஒரு தவணைக்குப் போதுமானதைச் சேர்த்துவைக்க வேண்டும்.