பண்டிகைத் தள்ளுபடியில் டிவி: எக்ஸ்சேஞ்சும் வங்கிச் சலுகையும் சேர்ந்தால் கையிலிருந்து போவது எவ்வளவு?

கடந்த பண்டிகை விற்பனையில் 43 அங்குல 4கே டிவி ஒன்றை வாங்கினேன். ஒரே மாடலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இணையதளத்தில் 31,990 ரூபாய்க்கு வாங்கி வங்கி அட்டைக்கான உடனடித் தள்ளுபடியைப் பெறுவது. மற்றொன்று, ஷோரூமில் 32,500 ரூபாய்க்கு வாங்கி, எக்ஸ்சேஞ்ச் போனஸையும் பின்னர் வரும் கேஷ்பேக்கையும் கழித்துக்கொள்வது. நான் இணையதளத்தில் வாங்கினேன். பழைய டிவியை அங்கே கொடுக்காமல் தனியாக விற்றேன். அதற்கான கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

டிவியின் தரம், உத்தரவாதம், வீட்டுக்கு வந்து மாட்டித் தருவது ஆகிய மூன்றும் இரு இடங்களிலும் ஒன்றாகவே இருந்தன. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் இருவருக்கும் பொதுவானதுதான். ஆகவே வேறுபாடு முழுவதும் கழிவுகளில்தான் இருக்கிறது.

இணையதளத்தின் வங்கிச் சலுகை இரண்டு அடுக்காக இருந்தது. அட்டையில் செலுத்தும் தொகையில் 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், உடனே கழியும். அந்தத் தொகை 30,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் கூடுதலாக 1,500 ரூபாய் கழியும். என் பழைய 32 அங்குல எல்இடி டிவிக்கு 2,200 ரூபாயும், பண்டிகைக்கால போனஸாக 1,000 ரூபாயும் சேர்த்து 3,200 ரூபாய் தருவதாகக் காட்டினார்கள். இந்த மூன்றையும் மனக்கணக்காகக் கழித்தால் 25,790 ரூபாய் வருகிறது. நானும் முதலில் அப்படித்தான் கழித்தேன். ஆனால் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனபோது 27,389 ரூபாய் என்று காட்டியது.

காரணம் கழிவுகளின் வரிசைதான். எக்ஸ்சேஞ்ச் தொகை முதலில் கழிகிறது; அதன்பிறகு மிஞ்சும் தொகைதான் வங்கியின் கணக்குக்கு வருகிறது. 31,990 ரூபாயில் 3,200 போனால் 28,790 ரூபாய்தான் மிஞ்சுகிறது, அது 30,000 என்ற வரம்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முதல் 1,500 ரூபாய் கிடைத்தது, கூடுதல் 1,500 ரூபாய் கிடைக்கவில்லை. பழைய டிவியை எடுத்துச் செல்லும் கட்டணம் என்று 99 ரூபாயையும் சேர்த்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சைத் தேர்வுநீக்கிவிட்டுப் பார்த்தபோது தொகை 28,990 ஆயிற்று. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 1,601 ரூபாய். அதாவது, 3,200 என்று எழுதிக் காட்டிய என் பழைய டிவிக்கு அவர்கள் உண்மையில் தந்த விலை அவ்வளவுதான். எங்கள் தெருவில் டிவி பழுது பார்ப்பவர் அதே டிவியை 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். என் இறுதிச் செலவு 26,990 ரூபாய்.

வாங்குவதற்கு முன் யாரும் ஒரே நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. எக்ஸ்சேஞ்சுடன் ஒரு முறையும் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ஒரு முறையும், அட்டை எண்ணைக் கொடுத்து வங்கித் தள்ளுபடி கழிந்த பிறகு வரும் தொகையைப் பார்க்க வேண்டும். பொருளின் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை நம்பக் கூடாது. அது எல்லாச் சலுகைகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் கிடைக்கும் என்ற கணக்கில் போடப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும்.

எக்ஸ்சேஞ்சில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. டிவியைக் கொண்டுவருபவர் வாசலில் வைத்தே பழையதைச் சோதிப்பார். அது ஆன் ஆகிறதா, திரையில் விரிசலோ கோடோ இருக்கிறதா, ஆர்டரில் குறிப்பிட்ட நிறுவனமும் அங்குலமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒன்று பொருந்தாவிட்டாலும் மறுத்துவிடலாம். அப்போது எக்ஸ்சேஞ்ச் தொகையை அங்கேயே கட்டி டிவியை வாங்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். வாசலில் கட்டும் அந்த 3,200 ரூபாய் முன்பு அட்டையில் செலுத்திய தொகையோடு சேராது என்பதால், வரம்புக்குக் கீழே போனதால் இழந்த 1,500 ரூபாய் திரும்பி வராது. பழைய டிவியும் போகாது, சலுகையும் கிடைக்காது.

ஷோரூமில் இந்தச் சிக்கல் இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த நிலையில் இருக்கும் பழைய டிவியானாலும் 3,000 ரூபாய் கழிப்பதாகச் சொன்னார்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று கேட்டதற்கு 32,500 ரூபாயிலிருந்து இறங்கவில்லை. எனவே அந்த 3,000 ரூபாய் உண்மையான கழிவுதான். அதன்மேல் 3,000 ரூபாய் கேஷ்பேக். தாளில் எழுதிப் பார்த்தால் 26,500 ரூபாய், நான் கொடுத்ததைவிட 490 ரூபாய் குறைவு.

ஆனால் அந்த கேஷ்பேக் 28,000 ரூபாய்க்குக் குறையாத இஎம்ஐக்கு மட்டும்தான். ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ என்றார்கள். பூஜ்ய சதவீத வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே தடுத்துவிட்டது. அதனால் வங்கி வட்டியைப் போடவே செய்கிறது, அதற்கு ஈடான தொகை விலையில் முன்கூட்டியே கழிக்கப்படுகிறது. 29,500 ரூபாயில் ஏறத்தாழ 1,250 ரூபாய் இப்படிக் கழிந்து 28,250 ரூபாய்க் கடனாகிறது, அதே 1,250 ரூபாய் ஆறு மாதங்களில் வட்டியாகத் திரும்பிப் போகிறது. அந்த வட்டியின் மீது விதிக்கப்படும் 18 சதவீத ஜிஎஸ்டியை மட்டும் யாரும் ஈடுகட்டுவதில்லை. அது சுமார் 225 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய், வரியுடன் 235. ஆக, 26,500 என்பது 26,960 ஆகிறது. வித்தியாசம் 490 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

அந்த 30 ரூபாய்க்காக 3,000 ரூபாயைத் தொண்ணூறு நாள்கள் எதிர்பார்த்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இடையில் கடனை முன்கூட்டியே அடைத்தாலோ, டிவியைத் திருப்பிக் கொடுத்தாலோ கேஷ்பேக் கிடையாது என்று நிபந்தனைத் தாளில் இருந்தது. உடனடித் தள்ளுபடி அப்படியல்ல. பணம் செலுத்தும்போதே அது கழிந்துவிடுகிறது, பிறகு கேட்டு வாங்க வேண்டியது எதுவும் இல்லை. கேஷ்பேக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் பில்லையும் சலுகை நிபந்தனைப் பக்கத்தின் படத்தையும் அந்தத் தொண்ணூறு நாள்களுக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொகை வராவிட்டால் வங்கியிடம் காட்ட அவைதான் உதவும்.

நான் சொல்வது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு எல்இடி டிவியின் கணக்கு. உங்களிடம் இருப்பது ஓடாத டிவி என்றாலோ, பழைய பெட்டி வடிவ டிவி என்றாலோ இதே கணக்கு தலைகீழாகிவிடும். இணையதளத்தில் அதற்கு மதிப்பே இல்லை, பழுது பார்ப்பவரும் உதிரிபாகத்துக்காகச் சில நூறு ரூபாய்க்கு மேல் தரமாட்டார். இணையதளத்தில் இறுதிச் செலவு 28,990 ரூபாயை ஒட்டியே நிற்கும். அந்த நிலையில் 26,960 ரூபாய்க்கு ஷோரூமில் வாங்குவதே சரி, தொண்ணூறு நாள்கள் காத்திருந்தாலும்.