கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப்: போன் திருடுபோனபோது எது மிஞ்சியது?

அக்கா மும்பையில் ஸ்டாஃப் நர்ஸ், செம்பூரில் ஹாஸ்டல் வாசம். நைட் டியூட்டி முடிந்து வரும்போது குர்லாவில் ரயில் மாறுகிற நெரிசலில் அவளுடைய ஆண்ட்ராய்டு போனை அடித்துவிட்டார்கள். ரயில்வே போலீசில் புகார் கொடுத்தாள், அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கினாள், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கினாள். சிம் மாற்றினால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அதனால் ஓடிபி வேண்டிய வேலையெல்லாம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

"போட்டோ எல்லாம் கூகுள்ல இருக்குடி, Backup complete-னு தினமும் காட்டுமே" என்றாள். புதுப் போனில் உள்ளே போனதும் அம்மாவோடு எடுத்த படம், டியூட்டி ரோஸ்டர் படம் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் பழைய மருத்துவமனைத் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அனுபவச் சான்றிதழின் படம் மட்டும் இல்லை. புது வேலைக்கு அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

ஆப் பொய் சொல்லவில்லை. கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமரா எடுத்த படங்களை. வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் எல்லாம் தனித்தனி ஃபோல்டர்கள். Back up device folders பகுதிக்குப் போய் ஒவ்வொன்றையும் நாமே ஆன் செய்ய வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த ஃபோல்டர்கள் முடிந்தாலே Backup complete வந்துவிடும்.

சரி, வாட்ஸ்அப் தன் பங்குக்கு எடுத்த பேக்கப் இருக்குமே என்று நம்பினோம். இருந்தது, பொங்கல் தேதியோடு. மொபைல் டேட்டாவில் பேக்கப் எடுக்கும் Back up using cellular ஆஃபில் இருந்தது. ஹாஸ்டலில் வைஃபை கிடையாது. பொங்கலுக்குத் திருநெல்வேலி போனபோது வீட்டு வைஃபையில் எடுத்ததுதான் கடைசி. சான்றிதழ் வந்ததோ அதற்குப் பிறகு. நல்லவேளை, தோழியின் போனில் அந்தச் சாட் அழியாமல் இருந்தது, மறுபடி அனுப்பினாள்.

அதிலிருந்து அக்கா Backup complete-ஐப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup போனால் கடைசி பேக்கப் எப்போது, எவ்வளவு பெரிது என்று இருக்கும். படங்களுக்கு இன்னும் நேரடியான சோதனை: என் லேப்டாப்பில் photos.google.com திறந்து, அன்று வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது ஒரு படத்தைத் தேடுவாள். அங்கே இருந்தால்தான் கணக்கு. பிடிஎஃப்பாக வருபவற்றை கூகுள் போட்டோஸ் எடுக்காது; அவற்றை டிரைவில் தனியாகப் போட்டுவிடுகிறாள்.

இத்தனை நாள் பயன்படுத்தியதில் எனக்கு ஒரே புகார், இடம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அந்த இலவச 15 ஜிபிக்குள்தான். நிரம்பினால் புதுசாக எதுவும் ஏறாது. வாட்ஸ்அப் ஃபோல்டரை ஆன் செய்த பிறகு சித்தப்பாவின் குட்மார்னிங் படங்களும் சேர்ந்தே ஏறுகின்றன. கூகுள் போட்டோஸுக்குள் அதை மட்டும் வடிகட்ட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறாள்.